மெயிலின் கடைசி நான்கு வரி

ஜிப் வராமல் தையல் லைன் நிற்பது திருப்பூரில் யாருக்கும் புதுச்சேதி இல்லை. துணி ரெடி, கட்டிங் முடிந்தது, டெய்லர்கள் வந்து உட்கார்ந்தாயிற்று. முன்பக்கம் முழுக்க ஜிப் வைக்கிற ஹூடி ஆர்டரில் ஜிப் மட்டும் எங்கோ நெடுஞ்சாலையில் லாரியில் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் மெர்ச்சண்டைசர் பழைய மெயில்களைத் தோண்டுவார். பையருக்கும் சப்ளையர்களுக்கும் நடுவில் நின்று ஆர்டரை ஓட்டுகிறவர் அவர். தோண்டினால் பெரும்பாலும் இப்படி ஒரு முடிவுதான் அகப்படும்:

“ஷேட் மாதிரியை விரைவில் அனுப்பவும். அப்ரூவல் ஆனதும் பல்க் தொடங்கலாம். சரக்கு ஆகஸ்ட் முதல் வாரம் தேவை. ஆவன செய்யவும். தங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம். நன்றி.”

படித்தால் குறை சொல்ல ஒன்றும் தெரியாது. மரியாதை இருக்கிறது, கெடுகூட இருக்கிற மாதிரி தெரிகிறது. இந்த மெயில் 2026 ஜூலை 6, திங்கட்கிழமை போனதாக வைத்துக்கொண்டு, அதன்பின் என்ன ஆகும் என்று ஒரு கற்பனை ஆர்டரில் ஓட்டிப் பார்க்கலாம். ஆர்டர் 6,000 ஹூடி. ஆகஸ்ட் 28 வெள்ளிக்கிழமை சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்ப வேண்டும். தையல் ஆகஸ்ட் 10 திங்கள் தொடங்குகிறது. ஜிப் டெல்லியிலிருந்து வருகிறது. அந்தக் கம்பெனிக்குத் திருப்பூரில் ஓர் ஏஜெண்ட் இருக்கிறார்.

சப்ளையர் ‘விரைவில்’ என்பதை அந்த வாரம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஜூலை 13-ஆம் தேதி மாதிரியைக் கூரியரில் போடுகிறார். 15-ஆம் தேதி திருப்பூர் வந்து சேர்கிறது. இரண்டு நாள் அது மேசையில் கிடக்கிறது. 17-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மெர்ச்சண்டைசர் பார்த்து, “நல்லாத்தான் இருக்குங்க, குவாலிட்டில காட்டிட்டுச் சொல்றேன்” என்கிறார். 21-ஆம் தேதி செவ்வாய் போனில் ஓகே ஆகிறது. அன்றே பல்க் தொடங்குகிறது. பதினைந்து நாள் வேலை. ஆகஸ்ட் 5-ஆம் தேதி சரக்கு லாரியில் ஏறுகிறது. டெல்லியிலிருந்து ஆறு நாள். 11-ஆம் தேதி செவ்வாய், தையல் தொடங்கிய மறுநாள், ஜிப் இறங்குகிறது. எண்ணிப் பார்த்து, நீளம் அளந்து, ஸ்லைடர் ஓட்டிப் பார்த்து லைனுக்கு வர 13-ஆம் தேதி வியாழன். அந்தச் சனிக்கிழமை ஆகஸ்ட் 15, விடுமுறை. மறுநாள் ஞாயிறு.

இதற்கிடையே நடக்கும் போன் பேச்சை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவார்கள்:

“அண்ணா, ஜிப் இன்னும் வரலீங்களே.”

“அஞ்சாந்தேதியே ஏத்தியாச்சேம்மா. முதல் வாரம்னுதான சொன்னீங்க?”

“முதல் வாரம் எங்களுக்கு வந்து சேரணும்னு சொன்னேங்கண்ணா.”

“மெயில்ல அப்படி இல்லீங்களே.”

அவர் சொல்வது சரிதான். ஆகஸ்ட் 5 முதல் வாரம்தான். ‘தேவை’ என்று இருந்ததே தவிர, எங்கே, எப்போது இறங்க வேண்டும் என்று மெயிலில் இல்லை. யாரும் வாக்குத் தவறவில்லை. ஆனாலும் தையல் மூன்று நாள் பின்தங்கிவிட்டது. மூன்று நாள் என்பது கேட்கச் சின்னது. ஆகஸ்ட் 28-இல் கிளம்ப வேண்டிய சரக்கு செப்டம்பர் 1-க்குப் போனால் அந்த வாரக் கப்பல் போய்விடும். அடுத்த கப்பல் பெரும்பாலும் ஒரு வாரம் கழித்துத்தான். பையர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒன்று விலையில் தள்ளுபடி கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். ஹூடி கனமான சரக்கு. விமானக் கட்டணம் லாபத்தை முழுசாகத் தின்றுவிடும்.

இந்த ஆர்டரில் தேதியைப் பின்னாலிருந்து எண்ணியிருந்தால் மெயிலின் முடிவு தானாகவே வேறாகியிருக்கும். தையல் திங்கள் 10-ஆம் தேதி. அதற்கு முன் செக்கிங்குக்கு வெள்ளி, சனி இரண்டு நாள் வேண்டும். எனவே ஜிப் ஸ்டோரில் இறங்க வேண்டியது வியாழன் 6. லாரிக்கு ஆறு நாள், கூட ஒரு நாள் கைப்பிடிப்பு. எனவே டெல்லியில் கிளம்ப வேண்டியது வியாழன், ஜூலை 30. பல்க் பதினைந்து நாள். எனவே அப்ரூவல் ஜூலை 15 புதன். கூரியர் வந்துசேர்ந்து பார்க்க நேரம் வேண்டும். எனவே மாதிரி கிளம்ப வேண்டியது ஜூலை 11 சனி. இந்தக் கணக்கு மெர்ச்சண்டைசர் தலைக்குள் இல்லாமல் இல்லை. கம்ப்யூட்டரில் டைம் அண்ட் ஆக்‌ஷன் சார்ட் என்று ஒரு ஷீட்டே போட்டு வைத்திருப்பார். ஷீட்டில் இருக்கிற தேதி சப்ளையருக்குப் போகிற மெயிலின் அடிவரியில் இறங்குவதில்லை என்பதுதான் கோளாறு. அதை இறக்கினால் முடிவு இப்படி இருக்கும்:

“அடுத்து நடக்க வேண்டியவை:

உங்கள் பக்கம்: ஷேட் மாதிரி 3 துண்டு, ஜூலை 11 சனிக்கிழமை மாலை 4 மணிக்குள் கூரியரில் போட்டு, கூரியர் எண்ணை இதே மெயிலுக்குப் பதிலாக அனுப்புங்கள்.

எங்கள் பக்கம்: ஜூலை 15 புதன் மாலை 5 மணிக்குள் ‘சரி’ என்றோ ‘திருத்தம்’ என்றோ நான் மெயிலில் எழுதுவேன். அந்த மெயில் வராமல் பல்க் தொடங்க வேண்டாம்.

பல்க் 6,200 ஜிப்பும் ஜூலை 30 வியாழன் உங்கள் இடத்திலிருந்து கிளம்பி, ஆகஸ்ட் 6 வியாழன் மதியம் 2 மணிக்குள் எங்கள் ஸ்டோரில் இறங்க வேண்டும். எங்கள் அப்ரூவல் எத்தனை நாள் தாமதமாகிறதோ, அத்தனை நாள் இந்த இரண்டு தேதியும் தள்ளிப்போகும்.

இதில் எந்தத் தேதி முடியாவிட்டாலும் நாளை, ஜூலை 7 செவ்வாய் மதியம் 12 மணிக்குள் சொல்லிவிடுங்கள். முடியும் என்றால் ‘தேதிகள் சரி’ என்று ஒரு வரி போடுங்கள்.

நன்றி.”

நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் சப்ளையர் ஊகிக்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை. இந்த வரிகளில் மூன்றைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நல்ல அனுபவசாலிகள்கூட விட்டுவிடுவது இவற்றைத்தான்.

முதலாவது, கிளம்பும் தேதியும் இறங்கும் தேதியும் தனித்தனியாக இருப்பது. சப்ளையருக்கு ‘டெலிவரி’ என்றால் பில் போட்டு லாரியில் ஏற்றுவது. வாங்குகிறவருக்கு ‘டெலிவரி’ என்றால் தன் ஸ்டோர்கீப்பர் எண்ணி வாங்குவது. உள்ளூர் லேபிள் பிரிண்டருக்கு எழுதும்போது இரண்டுக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம், அதனால் அந்தப் பழக்கத்திலேயே வெளியூருக்கும் எழுதிவிடுகிறோம். டெல்லி என்றால் ஆறு நாள். வெளிநாடு என்றால் கப்பல், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்ந்து வாரக்கணக்கு. ஒரே ஒரு தேதிதான் எழுத முடியும் என்றால் இறங்கும் தேதியை எழுதுவது நல்லது. லாரி யார் பொறுப்பு என்பது பி.ஓ.-வில் எப்படி இருந்தாலும் சரி, தையலுக்குப் பயன்படுவது அந்தத் தேதிதான்.

இரண்டாவது, நம் பக்கத்துக் கெடு. வாங்குகிறவர்கள் சப்ளையருக்குத்தான் தேதி போடுவார்கள், தங்களுக்குப் போட்டுக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மேலே நடந்த கதையைத் திரும்பப் பாருங்கள்: மாதிரி தாமதமாக வந்தது சில நாள், வந்த மாதிரி மேசையில் கிடந்து, ஓகே சொல்ல ஆனது ஆறு நாள். பாதிக்கு மேற்பட்ட தாமதம் வாங்கியவர் வீட்டில்தான். “உங்கள் தாமதத்துக்கு உங்கள் தேதி தள்ளும், எங்கள் தாமதத்துக்கும் தள்ளும்” என்று எழுதி வைத்தால் சப்ளையர் அந்த மெயிலைப் பயமுறுத்தல் என்று எடுத்துக்கொள்ள மாட்டார். அதோடு, மெர்ச்சண்டைசர் தன் குவாலிட்டி ஆளைத் தூண்டவும் அந்த வரி உதவும். “புதன் அஞ்சு மணிக்குள்ள சொல்றதா எழுதிக் குடுத்துட்டேன், பாத்துக் குடுங்க சார்” என்று கேட்கலாம்.

மூன்றாவது, முடியாவிட்டால் எப்போதுக்குள் சொல்ல வேண்டும் என்கிற வரி. என்னைக் கேட்டால் முழு மெயிலிலும் அதிகம் மதிப்புள்ளது இதுதான். ஆகஸ்ட் 6-க்கு ஜிப் வராது என்பது ஆகஸ்ட் 6-ஆம் தேதி தெரிந்தால் புலம்பத்தான் முடியும். ஜூலை 7-ஆம் தேதி தெரிந்தால் வேறு சப்ளையரைப் பிடிக்கலாம், பாதியை முதலில் அனுப்பச் சொல்லலாம், ஜிப் இல்லாத வேறு ஸ்டைலை முதலில் லைனில் ஏற்றலாம். சப்ளையர்கள் முடியாது என்று சொல்லத் தயங்குவார்கள். ஆர்டர் கைவிட்டுப் போய்விடுமோ என்கிற பயம். “முடியாவிட்டால் சொல்லுங்கள்” என்று மட்டும் எழுதினால் அந்தப் பயம் போகாது. அதற்கென்று ஒரு நாளும் மணியும் கொடுத்தால், முடியாது என்று சொல்வதும் அந்த வேலையின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது.

இனி தேதியை எழுதும் விதம். “06/08” என்று எழுதினால் நமக்கு ஆகஸ்ட் ஆறு, அமெரிக்கப் பையர் அலுவலகத்துக்கு ஜூன் எட்டு. மாதத்தை எழுத்தில் போட்டு, பக்கத்தில் கிழமையையும் போட்டால் குழப்பம் தீர்ந்தது. கிழமை போடுவதில் இன்னொரு லாபம், அது தப்பைக் காட்டிக்கொடுக்கும். “ஆகஸ்ட் 7 வியாழன்” என்று கை தவறி அடித்துவிட்டால், படிக்கிறவர் காலண்டரைப் பார்த்து, “7 வெள்ளியாச்சே, எது சரி?” என்று உடனே கேட்பார். வெறும் எண் தவறாக இருந்தால் யாருக்கும் தெரியாது.

ஐரோப்பியப் பையர்கள் பலர் தேதியே போடாமல் வார எண் போடுவார்கள்: “35-ஆவது வாரம்.” இதை அப்படியே சப்ளையருக்குத் தள்ளிவிடுவது ஆபத்து. ஐரோப்பாவில் புழங்கும் ஐஎஸ்ஓ கணக்கில் வாரம் திங்களன்று தொடங்கும். வருஷத்தின் முதல் வியாழக்கிழமை எந்த வாரத்தில் விழுகிறதோ அது முதல் வாரம். எக்செலில் சாதாரணமாகப் போடும் WEEKNUM ஃபார்முலா வேறு மாதிரி எண்ணும். அதற்கு ஜனவரி 1 விழுகிற வாரமே முதல் வாரம், வாரம் ஞாயிறன்று தொடங்கும். 2026-இல் ஜனவரி 1 வியாழக்கிழமையே வந்ததால் திங்கள் முதல் சனி வரை இரண்டு கணக்கும் ஒத்துப்போகின்றன; யாரும் வித்தியாசத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள். 2027-இல் ஜனவரி 1 வெள்ளிக்கிழமை. ஐஎஸ்ஓ கணக்கில் அது இன்னும் 2026-இன் 53-ஆவது வாரம், எக்செலின் WEEKNUM-க்கு அது 2027-இன் முதல் வாரம். ஆக அந்த வருஷம் முழுக்க வேலை நாட்களில் இரண்டுக்கும் சரியாக ஒரு வாரம் இடிக்கும். ISOWEEKNUM என்கிற ஃபார்முலா போட்டால் ஐரோப்பியக் கணக்கு வரும். அதைவிட எளிது, வார எண்ணை நாமே தேதியாக மாற்றி, “35-ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் 24 திங்கள் முதல் 28 வெள்ளிக்குள்” என்று எழுதிவிடுவது.

வெளிநாட்டு சப்ளையர் என்றால் மணியோடு ஊரையும் சேர்க்க வேண்டும். சீனா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். “இன்று மாலைக்குள்” என்று நாம் நான்கு மணிக்கு அனுப்பினால் அங்கே ஆறரை, ஆபீஸைப் பூட்டியிருப்பார்கள். அக்டோபர் முதல் வாரத்தில் சீனத் தேசிய நாள் விடுமுறை வருவதும், சீனப் புத்தாண்டை ஒட்டி ஃபேக்டரிகள் வாரக்கணக்கில் மூடிக்கிடப்பதும் ஜிப், பட்டன் வாங்குகிறவர்களுக்குப் பழகிய விஷயம். ஆனால் “பத்து நாளில்” என்று எழுதும்போது அது வேலை நாளா, காலண்டர் நாளா என்று யோசிக்க மாட்டோம். நாள் எண்ணிக்கையே போடாமல் தேதி போட்டுவிட்டால் இந்தக் கேள்வி எழாது.

எங்கே எழுதுகிறோம் என்பதும் ஒரு விஷயம். பல வாரம் ஓடிய மெயில் தொடரில், கெடுவைக் கையெழுத்துப் பகுதிக்குக் கீழே ‘குறிப்பு’ என்று போட்டால் சப்ளையர் பார்க்கவே மாட்டார். ஜிமெயில், பழைய மெயிலில் வந்த அதே வரிகளையும் கையெழுத்துப் பகுதியையும் மூன்று புள்ளிக்குள் மடித்து மறைத்துவிடும். போனில் படிக்கிறவர் அந்தப் புள்ளிகளைத் தொடுவதில்லை. அதனால் தேதி எல்லாம் ‘நன்றி’க்கு மேலே இருக்க வேண்டும், சப்ஜெக்ட்டிலும் ஒருமுறை வர வேண்டும்: “பி.ஓ. எண், ஜிப், மாதிரி ஜூலை 11, இறக்கம் ஆகஸ்ட் 6” என்கிற மாதிரி. தேதி மாறினால் சப்ஜெக்ட்டையும் மாற்ற வேண்டும். பழைய தேதியோடு ஓடும் சப்ஜெக்ட் எந்தச் சண்டையிலும் எதிர்த் தரப்புக்கு ஆயுதம். மெயிலை மூன்று பேருக்கு நேராக அனுப்பி, “தயவுசெய்து உறுதி செய்யவும்” என்று முடித்தால் மூவரில் ஒவ்வொருவரும் மற்ற இருவர் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவார்கள். ஏஜெண்டிடம் என்ன கேட்கிறோம், டெல்லி ஆபீஸிடம் என்ன கேட்கிறோம் என்று பெயர் சொல்லிப் பிரித்துவிட வேண்டும். முடிவில் வரும் கையெழுத்தில் பதவியும் லோகோவும் எத்தனை வரி இருந்தாலும் பயன் கொஞ்சம்தான். “புதன் வரை நான் இருப்பேன், வியாழன் வெள்ளி இன்னாரைக் கூப்பிடுங்கள்” என்று ஒரு வரியும் ஒரு போன் எண்ணும் இருந்தால் அது உதவும்.

வாழ்த்து வரியைப் பற்றியும் கேட்பார்கள். மெயில் நினைவூட்டல் மென்பொருள் விற்கும் பூமராங் நிறுவனம் 2017-இல் மூன்றரை லட்சம் மெயில் தொடர்களைப் பார்த்து, முன்கூட்டியே நன்றி சொல்லி முடிப்பவற்றுக்கு மற்ற முடிவுகளைவிட அதிகம் பதில் வந்திருப்பதாகச் சொன்னது. அதை நம்பி ஜிப் சப்ளையருக்கு அனுப்பும் மெயிலை மாற்ற வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பதில் வருவது ஒன்று, சரியான தேதியோடு பதில் வருவது வேறு. ‘நன்றி’ போதும்.

இனி சட்டம் உள்ளே வருகிற ஒரு வரி. “இரண்டு நாளில் பதில் வராவிட்டால் நீங்கள் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வோம்.” சப்ளையர் மெயில்களில் இது ரொம்பப் பிரபலம். விலை ஏற்றம், தேதி மாற்றம் எல்லாவற்றுக்கும் அடியில் இதைப் போடுகிறார்கள். பார்க்கக் கச்சிதமான கெடு மாதிரி இருக்கும். ஆனால் இப்படி முடித்த ஒரு கடிதம் 1862-இலேயே இங்கிலாந்து நீதிமன்றத்தில் தோற்றிருக்கிறது. பால் ஃபெல்ட்ஹவுஸ் என்பவர் தன் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை ஒருவரின் குதிரையை வாங்க விரும்பி, முப்பது பவுண்டு பதினைந்து ஷில்லிங் விலை சொல்லி, இனி உன்னிடமிருந்து பதில் வராவிட்டால் குதிரை எனதுதான் என்கிற பொருளில் எழுதினார். அவர் பதில் எழுதவில்லை. ஆனால் மனதுக்குள் சம்மதம். தன் பொருள்களை ஏலம் விட வந்த பிண்ட்லி என்பவரிடம் அந்தக் குதிரையை ஏலத்தில் விட வேண்டாம் என்று சொல்லியும் வைத்தார். பிண்ட்லி மறந்து விற்றுவிட்டார். பெரியவர் வழக்குப் போட்டார். குதிரை அவருடையதே ஆகவில்லை, பதில் சொல்லாமல் இருந்ததைச் சம்மதமாக எடுக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

மெயிலில் எழுதினால் மட்டும் இது மாறாது. மெயில் வழி ஒப்பந்தம் செல்லும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10A பிரிவு அதைச் சொல்கிறது. பாக்சைட் சப்ளை பற்றி மெயிலிலேயே பேசி முடித்துக்கொண்ட டிரைமெக்ஸ், வேதாந்தா வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றமும், முறையான ஒப்பந்தப் பத்திரம் கையெழுத்தாகாவிட்டாலும் மெயில்களிலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றது. ஆனால் அங்கே எதிர்த் தரப்பு ஒப்புக்கொண்டு பதில் போட்டிருந்தது. ‘தேதிகள் சரி’ என்று ஒரு வரி பதில் கேட்பதன் காரணம் இதுதான். சப்ளையர் அதை எழுதிவிட்டால் ஆகஸ்ட் 6 இருவரும் ஒத்துக்கொண்ட தேதி. எழுதாதவரை அது நம் விருப்பம்.

மௌனத்தை எதிர்ப்பக்கமாகப் பயன்படுத்தினால் செல்லும். “ஜூலை 7 மதியம் 12 மணிக்குள் பதில் வராவிட்டால் இந்த ஆர்டரை வேறிடத்தில் கொடுப்போம்” என்பதில் யார் தலையிலும் ஒப்பந்தத்தைக் கட்டவில்லை. சப்ளையருக்கும் இது உதவும். நூல் விலை வாரத்துக்கு வாரம் மாறும்போது கொட்டேஷனின் அடியில் “இந்த விலை ஜூலை 10 வெள்ளி மாலை 5 மணி வரை மட்டும்” என்று எழுதினால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி அந்த நேரத்தில் சலுகை தானாகவே காலாவதி. “விலை மாறுதலுக்கு உட்பட்டது” என்கிற வழக்கமான வரியால் எப்போது மாறும் என்று யாருக்கும் தெரியாது. அது இரு பக்கமும் பேரத்தைத்தான் வளர்க்கும்.

நம் ஜிப் கதைக்கே வருவோம். நல்ல மெயில் போட்டு, தேதி ஒப்புக்கொண்டும் ஜிப் 11-ஆம் தேதிதான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லைன் நிற்கிறது, அதனால் வாங்கித்தான் ஆக வேண்டும். ஸ்டோர்கீப்பர் கையெழுத்துப் போட்டு இறக்கிவிடுகிறார், மெர்ச்சண்டைசர் “சரக்கு கிடைத்தது, நன்றி” என்று ஒரு மெயில் போடுகிறார். பின்னால் பையர் பிடித்த தள்ளுபடியை சப்ளையர் பில்லில் கழிக்கப் பார்த்தால் அந்த ‘நன்றி’ மெயில் குறுக்கே வரும். ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்வது இது: தேதி தவறினால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம் என்கிற அளவுக்குத் தேதி முக்கியமான ஆர்டரில், தாமதமான சரக்கை ஒருவர் ஏற்றுக்கொண்டால், ஏற்கும்போதே இழப்பீடு கேட்கப் போவதாகத் தெரிவித்திருக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது. அதனால் அன்றைய மெயில் இப்படி முடிய வேண்டும்: “ஆகஸ்ட் 6-க்கு வர வேண்டிய 6,200 ஜிப் இன்று, ஆகஸ்ட் 11 செவ்வாய், வந்தது. தாமதத்தால் ஏற்படும் இழப்பை உங்களிடம் கோருவோம் என்று தெரிவித்துக்கொண்டு இதைப் பெற்றுக்கொள்கிறோம். இழப்பின் கணக்கை செப்டம்பர் 4 வெள்ளிக்குள் அனுப்புவோம்.” கோபமாகத் தெரியலாம். ஏஜெண்ட் அண்ணனைப் போனில் கூப்பிட்டு, “இது ரெக்கார்டுக்குங்கண்ணா, கணக்கு வந்ததும் உக்காந்து பேசிக்கலாம்” என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் உறவு கெடாது. மெயில் போன பிறகு சொன்னால்தான் மனஸ்தாபம்.

சப்ளையர் பக்கம் நின்று பார்த்தால் அவருக்கு மிக அவசியமான கடைசி வரி பணத்தைப் பற்றியது. பெரும்பாலும் “பேமென்ட்டை விரைவில் விடுவிக்கவும்” என்றுதான் முடிக்கிறார்கள். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று சொல்லாவிட்டால் வாங்கியவரின் அக்கவுண்ட்ஸ் பிரிவு தனக்கு வசதியான நாளிலிருந்து எண்ணும்: பில் சிஸ்டத்தில் ஏறிய நாள், குவாலிட்டி ரிப்போர்ட் வந்த நாள், மாதக் கடைசி. பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு 2006-ஆம் வருஷத்து எம்எஸ்எம்இடி சட்டம் இதில் கைகொடுக்கிறது. எழுத்தில் எந்தக் கெடு ஒத்துக்கொண்டாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும்.

நாள் எண்ணுவதற்கும் அந்தச் சட்டத்தில் விடை இருக்கிறது. சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், இறங்கிய அன்றே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. குதிரை வழக்கில் தனி மனிதர் செய்ய முடியாததை இங்கே சட்டமே செய்கிறது. மௌனம் சம்மதம் ஆகிறது. ஆகவே ஜிப் ஒழுங்காக ஆகஸ்ட் 6-ஆம் தேதியே இறங்கி, 45 நாள் என்று ஒப்பந்தமும் இருந்தால், சப்ளையர் பில்லோடு அனுப்பும் மெயிலை இப்படி முடிக்கலாம்: “சரக்கு ஆகஸ்ட் 6 வியாழன் உங்கள் ஸ்டோரில் இறங்கியது. ஸ்டோர் ரசீது இணைப்பில். குறை ஏதும் இருந்தால் ஆகஸ்ட் 21 வெள்ளிக்குள் எழுதித் தெரிவியுங்கள். 45-ஆவது நாள் செப்டம்பர் 20 ஞாயிறு என்பதால், செப்டம்பர் 18 வெள்ளிக்குள் பணம் எங்கள் கணக்கில் சேரும்படி அனுப்புங்கள். எங்கள் உத்யம் பதிவு எண் பில்லில் இருக்கிறது.” செப்டம்பர் 11-ஆம் தேதி, அதாவது ஒரு வாரம் முன்னால், இதே மெயிலுக்குப் பதிலாக ஒரு நினைவூட்டல் போட்டால் போதும், புதிதாக ஒரு தொடர் ஆரம்பித்தால் முந்தைய தேதிகள் எல்லாம் வேறொரு மெயிலில் மாட்டிக்கொள்ளும், அக்கவுண்ட்ஸ் ஆள் திரும்பவும் முதலிலிருந்து கேட்பார்.